எட்டு நாள் கணக்கு

ஒரு கண்காட்சி அரங்கில் மாட்டியிருந்த பலகை ஒன்றின் முன்னால் அம்மா வெகுநேரம் நின்றாள். மேல்பாதியில் ஆங்கிலம், கீழ்பாதியில் தமிழ். தமிழ்ப் பகுதி நான் செய்தது. ஆரணிப் பட்டு எப்படி உருவாகிறது என்று மொத்தமே முப்பத்தாறு சொற்கள். அதைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அம்மா மெதுவாகப் படிப்பவள், ஆனாலும் இது அதிகம். முடித்துவிட்டு என்னிடம் திரும்பி ஒன்றுதான் கேட்டாள்.

"எட்டு நாள்னு போட்டிருக்கியே, யாரோட எட்டு நாள்?"

மூலத்தில் அப்படித்தான் இருந்தது என்றேன். அது உண்மை. மூலத்தில் எட்டு நாள் என்றுதான் இருந்தது. நான் ஒரு எண்ணையும் மாற்றவில்லை, ஒரு சொல்லையும் திரிக்கவில்லை. இடம் போதாததால் சில விவரங்களை எடுத்தேன், அவ்வளவுதான். அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது பொய் என்று எனக்கே தோன்றியது. உண்மையான எண்ணை வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியுமா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது.

வேலை எனக்கு வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்க ஆங்கிலப் பத்தி, கிட்டத்தட்ட நூற்றெண்பது சொற்கள். பலகையில் இரண்டு மொழிக்கும் சம இடம். தமிழில் சொற்களின் எண்ணிக்கை குறையும், ஏனென்றால் ஆங்கிலத்தில் தனித்தனியாக நிற்கும் சின்னச் சொற்கள் நம்மிடம் விகுதியாகவும் உருபாகவும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு சொல்லும் நீளம், எழுத்து அகலம், மேலும் கீழும் கொம்பும் சுழியும். சுவரில் அது அதிக இடத்தைத்தான் பிடிக்கும். அதனால் எனக்குச் சொல்லப்பட்டது இது: முதலில் ஆங்கிலத்தைச் சுருக்குங்கள், பிறகு மொழிபெயர்த்தால் போதும், தமிழ் நாற்பது சொல்லுக்குள் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பு வேலை செய்பவர்களுக்கு இது நியாயமான யோசனையாகவே தெரியும். நூற்றெண்பது சொல்லையும் மொழிபெயர்த்துவிட்டு அதில் முக்கால்வாசியைக் குப்பையில் போடுவானேன்? ஐம்பது சொல்லாக்கிவிட்டு மொழிபெயர்த்தால் அரை மணி நேர வேலை. நானும் அப்படியே செய்தேன்.

அந்த ஆங்கிலப் பத்தியில் இருந்ததை என் வார்த்தையில் வரிசையாகச் சொல்கிறேன். ஆரணி கமண்டல நாக நதிக்கரையில் இருக்கிறது, பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்றது. கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது. அதைச் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் வேகவைத்துப் பசையை எடுக்கிறார்கள், அதில் ஏறக்குறைய கால்பங்கு எடை போய்விடுகிறது. சாயப்பட்டறையில் நூல் கழிகளைக் கோலில் மாட்டிக் கொதிநீரில் திருப்பித் திருப்பிப் போட்டு நிறம் ஏற்றுகிறார்கள். அதிகாலையில் வெயில் ஏறுமுன் தெருவில் பாவை நீட்டிச் சரிசெய்கிறார்கள். பிறகு ஒரு நீண்ட வாக்கியம்: வீட்டுப் பெண்களும் முதியவர்களும் தார் சுற்றி முடித்து, தறியில் மிஞ்சிய பழைய பாவின் இழை நுனிகளோடு புதுப் பாவின் இழைகள் ஒவ்வொன்றாகப் பிணைக்கப்பட்ட பின், நெசவாளர் ஒரு புடவையைச் சுமார் எட்டு நாளில் நெய்கிறார். கடைசியாக: வீட்டில் எல்லோருடைய உழைப்பையும் உள்ளடக்கிய கூலி, புடவைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தரப்படுகிறது.

இதைச் சுருக்கி நான் பலகைக்குக் கொடுத்தது:

"கமண்டல நாக நதிக்கரையில் அமைந்த ஆரணி பட்டுக்குப் பெயர் பெற்றது. கர்நாடகத்திலிருந்து வரும் கச்சாப் பட்டு சோப்பும் சோடாவும் கலந்த நீரில் வேகவைக்கப்பட்டுச் சாயமேற்றப்படுகிறது. பாவு தறியில் ஏற்றப்பட்டபின் நெசவாளர் குழித்தறியில் அமர்ந்து ஒரு புடவையைச் சுமார் எட்டு நாட்களில் நெய்து முடிக்கிறார். ஒவ்வொரு புடவைக்கும் அவருக்குக் கூலி வழங்கப்படுகிறது."

படித்துப் பாருங்கள். பிழை எங்கே என்று சட்டெனத் தெரியாது. ஒவ்வொரு வாக்கியமும் மூலத்தில் இருப்பதுதான்.

அம்மா அன்று ராத்திரி வீட்டில் கணக்குப் போட்டாள். எங்கள் தறியில் ஒரு பாவுக்கு மூன்று புடவை. புடவைக்கு எட்டு நாள் என்றால் ஒரு பாவுக்கு அப்பா தறியில் உட்கார்ந்த நாள் இருபத்து நான்கு. அந்த இருபத்து நான்கு நாளும் தினம் இரண்டு மணி நேரம் அம்மா தார் சுற்றியிருக்கிறாள். நாற்பத்தெட்டு மணி நேரம், அதாவது எட்டு மணி நேரக் கணக்கில் ஆறு முழு நாள். புதுப் பாவு பிணைக்க ஒன்றரை நாள். தெருவில் பாவு நீட்டப் போய் நின்றது அரை நாள். ஆக எட்டு நாள். அதை மூன்று புடவைக்குப் பிரித்தால் புடவைக்கு இரண்டே முக்கால் நாள் வரும், கொஞ்சம் குறைவாக. பலகையில் இருக்கும் எட்டு, உண்மையில் பதினொன்றை நெருங்குகிறது.

"உங்கப்பா உக்காந்த நாளை மட்டும் எண்ணியிருக்கே. தாரு தானா சுத்திக்குமா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பால்காரர் கணக்கில் ஒரு நாள் விட்டுப்போனால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள்.

பிணைப்பது என்றால் என்னவென்று நெசவு வீட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பாவு தீர்ந்ததும் அதை முழுதாக அறுத்து எடுத்துவிட மாட்டார்கள். அச்சிலும் விழுதிலும் கோத்திருக்கும் இழைகளின் நுனிகளை அப்படியே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அந்தந்த நுனியோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று மாறிப்போனாலும் நெய்யும்போது துணியில் அது தெரியும். ஒன்று சரியாக முறுகாவிட்டால் விழுதைத் தாண்டும்போது பிரிந்துகொள்ளும். அம்மாவின் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகை தேய்ந்து மழுங்கியிருக்கும். இதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போகுமுன் நானே தார் சுற்றியிருக்கிறேன். அப்படியிருந்தும் வெட்டும்போது என் கை அந்த வாக்கியத்தின் மேல்தான் போனது.

ஏன் என்று யோசித்தேன். பெண்களின் உழைப்பை மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. நான் ஒரு பெண், அந்த வீட்டுப் பெண். அப்படியானால் என்னை வெட்ட வைத்தது எது?

ஒரு காரணம், நான் வெட்டியது ஆங்கிலத்தில். அந்த நீண்ட வாக்கியத்தில் முதன்மை வினை "நெய்கிறார்" என்பது. தார் சுற்றுவதும் பிணைப்பதும் அதற்கு முன்னால் தொங்கும் துணைத் தொடர்கள். சுருக்கச் சொன்னால் எந்த மொழியிலும் கை முதலில் துணைத் தொடரைத்தான் தேடும், எழுவாயும் பயனிலையும் நின்றால் போதும் என்று நினைக்கும். போதாக்குறைக்கு, பிணைப்பது செயப்பாட்டு வினையில் இருந்தது. யார் பிணைத்தார்கள் என்று அங்கே ஆளே இல்லை. ஆள் இல்லாத வேலையை வெட்டுவது சுலபம், யாரையும் வெளியேற்றுகிற உணர்வு வராது. அந்த ஆங்கிலப் பத்தியை எழுதியவருக்கு இது ஒரு வாக்கிய அமைப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்த அமைப்பை நான் முக்கியத்துவத்தின் வரிசையாக எடுத்துக்கொண்டுவிட்டேன்.

முதலில் முழுவதையும் தமிழில் கரடுமுரடாகவாவது எழுதிவிட்டு வெட்டியிருந்தால் இப்படி நடந்திருக்காது என்று நினைக்கிறேன். தமிழில் "பிணைக்கப்பட்ட பின்" என்று எழுதும்போது நாக்கு கொஞ்சம் தடுக்கும். நம் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "அம்மா பிணைச்சா" என்றுதான் சொல்வோம். அந்தத் தடுக்கல் வந்திருந்தால் யார் என்று கேட்டிருப்பேன். முதலிலேயே வெட்டிவிட்டதால் அந்தச் சொல் என் தமிழுக்குள் வரவே இல்லை, தடுக்கவும் இல்லை.

இரண்டாவது காரணம் இன்னும் சங்கடமானது. நான் எதை விடாமல் வைத்திருந்தேன் என்று பாருங்கள். நதியின் பெயர், கர்நாடகம், சோப்பு, சோடா. பெயர்ச்சொல்லும் வேதிப்பொருளும் எனக்குத் "தகவல்" போலத் தெரிந்தன. தார் சுற்றுவது வீட்டு வேலை போலத் தெரிந்தது. பாத்திரம் கழுவுவதைச் சமையல் குறிப்பில் யாரும் எழுதுவதில்லை அல்லவா, அந்த மாதிரி.

நான் செய்தது புதிய தவறும் அல்ல. சிமோன் த பொவ்வார் 1949இல் பிரெஞ்சில் எழுதிய 'இரண்டாம் பாலினம்' நூலை 1953இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் எச். எம். பார்ஷ்லி. அவர் விலங்கியல் பேராசிரியர். புத்தகம் பெரியது, பதிப்பாளர் சுருக்கச் சொன்னார். பார்ஷ்லி பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகவே வெட்டினார். மூன்று பத்தாண்டுகள் ஆங்கில வாசகர்கள் அதுதான் முழுப் புத்தகம் என்று படித்துக்கொண்டிருந்தார்கள். 1983இல் மார்கரெட் சைமன்ஸ் என்ற தத்துவ ஆய்வாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எவையெல்லாம் காணாமல் போயின என்று பட்டியலிட்டார். வரலாற்றுப் பகுதியில் மட்டும் எழுபத்தெட்டுப் பெண்களின் பெயர்கள் போயிருந்தன. முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு வர 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பார்ஷ்லியைத் திட்டுவது சுலபம். எனக்கு அது முடியவில்லை. அவர் அந்தப் புத்தகத்தை மதித்தவர், அது ஆங்கிலத்தில் வரவேண்டும் என்று உழைத்தவர். அவர் மேசையில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். நீண்ட பட்டியல் வருகிறது. ஒரு கருத்துக்கு இத்தனை எடுத்துக்காட்டு எதற்கு, நாலு போதுமே என்று தோன்றுகிறது. அந்தப் பெயர்கள் அமெரிக்க வாசகருக்குத் தெரியாதவை. வெட்டுகிறார். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் காரணம் இருந்திருக்கும். ஆனால் பெண்கள் வரலாற்றில் எங்கே இருந்தார்கள் என்று கேட்கும் ஒரு நூலில், வெட்டியதை எல்லாம் ஒன்றாகக் குவித்தால் அங்கே கிடப்பவர்கள் பெண்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. சுருக்குவதன் நேர்மையை ஒவ்வொரு வெட்டாகப் பார்த்து முடிவு செய்ய முடியாது. தனியாகப் பார்த்தால் எந்த விவரமும் போகலாம் என்றுதான் தோன்றும். வெட்டிய குவியலைப் பார்க்க வேண்டும். நான் என் ஆங்கிலப் பிரதியை மறுபடி எடுத்து, அடித்ததை எல்லாம் வேறு தாளில் வரிசையாக எழுதினேன். அரிசி. கால்பங்கு எடை. கொதிநீரில் கழியைத் திருப்புபவர்கள். அதிகாலைத் தெரு. தார் சுற்றும் பெண்களும் முதியவர்களும். இழை பிணைப்பது. எல்லோர் உழைப்பையும் உள்ளடக்கிய கூலி. ஏழில் ஐந்து, யாரோ ஒருவர் செய்யும் வேலை அல்லது அந்த வேலைக்கான கூலி. நீளத்துக்காக வெட்டினேன் என்று இந்தத் தாளை வைத்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை.

அதோடு, வெட்டியதை மட்டும் பார்த்தாலும் போதாது, மிஞ்சியது என்ன ஆனது என்றும் பார்க்க வேண்டும். அரிசியை எடுத்ததால் வாசகருக்கு ஆரணி பற்றி ஒன்று குறைவாகத் தெரியும். அவர் தவறாக எதையும் நினைக்கப்போவதில்லை. தார் சுற்றுவதையும் பிணைப்பதையும் எடுத்தது அப்படியல்ல. அது பக்கத்தில் நின்ற "எட்டு நாள்" என்ற எண்ணையே பொய்யாக்கிவிட்டது. மூலத்தில் அந்த எட்டு, "இவர்கள் இதையெல்லாம் செய்து முடித்த பின்" என்ற தொடரின் மேல் சாய்ந்து நின்றது. தொடர் போனதும் எட்டு தனியாக நின்று வேறு பொருள் சொல்ல ஆரம்பித்தது. கூலி வாக்கியமும் அப்படித்தான். "எல்லோருடைய உழைப்பையும் உள்ளடக்கிய" என்பது வெறும் அடைமொழி போலத் தெரிந்தது. அதை எடுத்ததும் ஒரு வீட்டின் கூலி ஓர் ஆளின் கூலியாகிவிட்டது.

கண்காட்சிக்கு வந்திருந்த ஓர் இளைஞர் பலகையைப் படித்துவிட்டு, ஒரு புடவைக்குக் கூலி எவ்வளவு என்று அங்கிருந்த நெசவாளரிடம் கேட்டார். சொன்னதும் மனதுக்குள் எட்டால் வகுத்தார். "பரவாயில்லையே, ஒரு நாளைக்கு ஓரளவு வருதே" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் கொடுத்த எண்ணை வைத்துச் சரியாகவே வகுத்தார். பதினொன்றால் வகுத்திருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் பலகையைப் படிக்கப் போனாள்.

அப்படியானால் சுருக்கவே கூடாதா? அப்படி நான் நினைக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஆரணி குப்புசாமி முதலியாரை எடுத்துக்கொள்ளுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெய்னால்ட்ஸ் போன்றவர்களின் ஆங்கில நாவல்களைத் தழுவித் தமிழில் எழுதிக் குவித்தவர். தழுவலில் எவ்வளவோ போகும், எவ்வளவோ புதிதாக வந்து சேரும். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. கதையைப் படிப்பவர் லண்டன் தெருவுக்கு அதைச் சாட்சியாகக் கொண்டுபோய் நிறுத்தப்போவதில்லை. என் பலகை அப்படியல்ல. "ஆரணியில் இப்படித்தான் நடக்கிறது" என்று அது சாட்சி சொன்னது. சாட்சி சொல்பவர் எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை. ஆனால் சொன்ன பாதி, சொல்லாத பாதியால் பொய்யாகக் கூடாது.

பலகையை மாற்றித் தருகிறேன் என்று கேட்டேன். அதே இடம், அதே நாற்பது சொல் என்றார்கள். இந்த முறை நூற்றெண்பது சொல்லையும் முதலில் தமிழில் எழுதினேன். பலகைக்காக எழுதவில்லை, என் நோட்டில், வீட்டில் பேசுகிற தமிழில். எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பிறகு தமிழில் வெட்டினேன்:

"ஆரணியில் சாயமேறிய பட்டு நூல் முதலில் வீட்டுப் பெண்களின் கைக்கு வருகிறது. தார் சுற்றுவதும் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பதும் பெரும்பாலும் அவர்கள் வேலை. பிறகு தறியில் உட்காருபவருக்கு ஒரு புடவை நெய்யச் சுமார் எட்டு நாள். வீட்டில் எல்லோர் வேலைக்கும் சேர்த்துப் புடவைக்கு ஒரே கூலி."

முப்பத்தெட்டு சொற்கள். நதி போய்விட்டது, கர்நாடகம் போய்விட்டது, சோப்பும் சோடாவும் குழித்தறியும் போய்விட்டன. எட்டு நாள் அப்படியே இருக்கிறது, ஆனால் இப்போது அது யாருடைய எட்டு என்று தெரிகிறது. இதற்கு நாலு மடங்கு நேரம் ஆனது. கூலி அதேதான், மொழிபெயர்ப்பிலும் புடவைக்கு ஒரே கூலி மாதிரிதான்.

மறுபடியும் வெட்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். இந்த முறை குவியலில் முக்கால்வாசி ஊரும் பொருளும். ஆனால் ஓர் ஆள் மட்டும் இன்னும் அதில் கிடக்கிறார், கொதிநீரில் நூல் கழியைத் திருப்பிப் போடுபவர். என் புதிய வாக்கியத்தில் நூல் "சாயமேறிய" நூல். யார் ஏற்றியது என்று அதில் இல்லை. ஆங்கிலச் செயப்பாட்டு வினையைக் குறை சொன்ன நான், தமிழின் பெயரெச்சத்துக்குள் இன்னொருவரை ஒளித்துவைத்திருக்கிறேன்.

என் விதிப்படி இது அனுமதிக்கத்தக்க வெட்டு. எங்களுக்குப் பாவு கொடுக்கும் முதலாளி சாயக்காரருக்குத் தனியாகக் கூலி கொடுத்துவிடுகிறார். அவர் நாள் எங்கள் எட்டு நாளுக்குள் வராது, அவர் கூலி எங்கள் கூலிக்குள் அடங்காது. அவரை விட்டதால் பலகையில் இருக்கும் எந்த வாக்கியமும் பொய்யாகவில்லை. வாசகருக்கு ஒன்று குறைவாகத் தெரியும், தவறாகத் தெரியாது. இப்படி எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். விளக்கம் சரிதான். ஆனால் முதல் பலகைக்கும் என்னிடம் ஒரு சரியான விளக்கம் இருந்தது.

புதிய பலகையை அம்மா படித்தாள். இந்த முறை சீக்கிரம் முடித்துவிட்டாள். "ம், கணக்கு சரியா இருக்கு" என்றாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "சாயக்காரரு வந்தா இதைப் பாக்க வேணாம்னு சொல்லு."

அந்தத் தாளை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை.